ஊர்ப் பள்ளிக்கு வெளிநாட்டுப் பணம் திரட்டுவோருக்கு: தொகையைக் கேட்குமுன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில், அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளிக்கு இரண்டு வகுப்பறையும் ஒரு கழிப்பறைத் தொகுதியும் கட்டுவதற்காக, வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. கட்டி முடிக்க இரண்டே கால் ஆண்டு ஆனது. அதில் கொத்தனார் வேலை நடந்தது ஒன்பது மாதம் மட்டுமே. மீதிக் காலம் முழுவதும் தாள்களோடு போனது. அந்தக் காலத்தில் பாதியையாவது நீங்கள் மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காக, நாங்கள் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல். உங்கள் ஊரில் இருப்பது அரசுப் பள்ளி என்றால் தனி அறக்கட்டளை தொடங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்றுக் கட்டித் தருகிறது. ராமநாதபுரத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் முதலில் விசாரியுங்கள். கீழே உள்ளவை, உதவி பெறும் பள்ளிக்கோ ஊர்ப் பொதுவில் நடக்கும் பள்ளிக்கோ சொந்தமாகக் கட்டுவோருக்கானவை.

1. நிலத்தின் தாளைப் பாருங்கள்

பணம் திரட்டிய பிறகு நிலத்தில் வில்லங்கம் தெரியவந்தால், கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே பட்டா, புல வரைபடம், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்ட பிறகே யாரிடமும் பேசுங்கள். எங்கள் பள்ளி மைதானத்தின் ஒரு பகுதியை ஒரு பெரியவர் வாய்மொழியாகக் கொடுத்திருந்தார். பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. அவர் இறந்து வாரிசுகள் ஒன்பது பேர், அவர்களில் மூவர் மலேசியாவில். அந்த மூவரும் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பினார்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு உரிய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாததால், ஒரு பத்திரம் காலம் கடந்து, அதை மறுபடி எழுதி வாங்க வேண்டியதாயிற்று. தானப் பத்திரம் பதிவாக ஏழு மாதம்.

கடலோர ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து நிற்கும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் ஆகும். உப்பங்கழி ஓரங்களுக்குத் தனி அளவு உண்டு. உங்கள் சர்வே எண் அதற்குள் வந்தால் ஊராட்சி அனுமதியோடு மண்டல அனுமதியும் வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே பத்து வீடு இருப்பதை யாரும் சான்றாக ஏற்பதில்லை.

2. கொடுப்பவர்களைப் பாஸ்போர்ட் வாரியாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையோ எந்த நாணயத்தில் வருகிறது என்பதையோ பார்ப்பதில்லை. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையே பார்க்கிறது. துபாயில் இருபது ஆண்டாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பும் பணம், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை அவரிடம் இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ தேவை.

எங்களிடம் 61 பேர் 46 லட்சம் தருவதாகச் சொன்னார்கள். மகிழ்ச்சியோடு மதிப்பீடு போட்டு, ஒப்பந்தக்காரரிடமும் பேசிவிட்டோம். பிறகு ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வியே பாஸ்போர்ட் பற்றியது. பிரித்துப் பார்த்தபோது இந்தியப் பாஸ்போர்ட்டில் 49 பேர், 37.5 லட்சம், சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 12 பேர், 8.5 லட்சம். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் எங்களிடம் சொல்லாமலேயே அறக்கட்டளைக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். கணக்கில் வைக்கும் முன் வங்கி எங்களைக் கூப்பிட்டு, உள்துறைப் பதிவு எண் என்ன என்று கேட்டது. இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். பணம் திரும்பிப் போய்ச் சேர ஆறு வாரம் ஆனது. அவருக்கு எங்கள் மேல் வருத்தம் இன்னும் தீரவில்லை.

புதிய அறக்கட்டளைக்கு முழுப் பதிவு கிடைக்காது. மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். எஞ்சியிருப்பது முன் அனுமதி: FC-3B என்ற இணையப் படிவம், குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை, கொடையாளரின் உறுதிக் கடிதம். அதற்கான கணக்கைப் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும்; உள்ளூர்க் கிளை வழியாகவே விண்ணப்பிக்கலாம், தில்லிக்குப் போக வேண்டியதில்லை. பெருந்தொகை தருபவர் ஒருவர் இருந்தால் அந்த அலைச்சல் தகும். பன்னிரண்டு பேர் சிறு சிறு தொகையாகத் தரும் 8.5 லட்சத்துக்கு அது தகாது என்று முடிவு செய்து, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினோம்.

அப்போது எல்லோரும் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு: "நான் என் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் தன் பெயரில் கொடுக்கட்டும்." இதைச் செய்யாதீர்கள். வெளிநாட்டவரிடமிருந்து வந்த பணம் இடையில் எத்தனை கை மாறினாலும் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் என்று சட்டத்திலேயே விளக்கம் உள்ளது. சிக்கினால் தம்பியும் நீங்களும் சேர்ந்தே சிக்குவீர்கள்.

3. கேட்கும் இடத்தையும் கவனியுங்கள்

நம் பக்கத்துச் சபுராளிகள் பலருக்குத் தெரியாத செய்தி இது. அமீரகத்தில் உரிமம் இல்லாத தனிநபரோ குழுவோ நன்கொடை திரட்டுவது, சமூக ஊடகம் வழியாகக் கேட்பது உட்பட, தண்டனைக்குரிய குற்றம். சிங்கப்பூரில், வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் திரட்ட முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே அங்கே இருக்கும் ஒரு தம்பியை "கலெக்‌ஷன் பொறுப்பாளர்" ஆக்கி, அறை அறையாகத் திர்ஹம் வாங்கச் சொல்வது அவர் வேலைக்கும் விசாவுக்கும் உலை வைக்கும். வாட்ஸ்அப்பில் கணக்கு எண்ணோடு சுவரொட்டி தயாரித்து, "பகிருங்கள்" என்று போடுவதும் அதே வகைதான்.

நாங்கள் கடைசியில் கண்ட வழி எளிமையானது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும்போது வீட்டுக்குப் போய்ப் பேசினோம். உறுதிப் படிவத்தை அங்கேயே எழுதி வாங்கினோம். திரும்பிப் போன பிறகு ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்து தாமே நேரடியாக அனுப்பினார்கள். நடுவில் யாரும் இல்லை.

படிவத்தில் பெயர், ஊர் முகவரி, பான் எண், பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகல், தொகை, அனுப்பும் மாதம் ஆகியவற்றோடு, "இத்தொகை பள்ளிக் கட்டடத்துக்கான மூலநிதியாக அளிக்கப்படுகிறது" என்ற வாக்கியமும் இருக்க வேண்டும். இந்த வாக்கியம் இல்லாத பணம் அந்த ஆண்டின் வருமானமாகவே கணக்காகும். வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே செலவழிக்க வேண்டும் என்ற விதி, மார்ச் மாதம் நிதி சேர்ந்து ஜூனில் வேலை தொடங்கும் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

ரமலானில் பணம் வந்தால் அது ஜகாத்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜகாத்தைக் கட்டடத்துக்குச் செலவிடக் கூடாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. எங்களுக்கு அப்படி வந்த இரண்டு தொகைகளையும், கொடுத்தவர்களிடம் கேட்டு, வாங்காமல் விட்டோம்.

4. அறங்காவலர்களும் பத்திரமும்

ஐந்து பேர் போதும். பெருந்தொகை கொடுத்தவர்களை எல்லாம் அறங்காவலர் ஆக்கினால் கூட்டம் கூட்டவே முடியாது. எங்கள் ஐவரில் மூவர் ஊரிலேயே இருப்பவர்கள், ஒருவர் ராமநாதபுரத்தில், ஒருவர் கத்தாரில். கத்தார்க்காரருக்கு வாக்கு உண்டு, காசோலைக் கையெழுத்து கிடையாது. உள்ளூர் மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அந்த இருவர் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கக் கூடாது என்பதையும் பத்திரத்திலேயே எழுதினோம். வெளிநாட்டுக் குடிமக்களை அறங்காவலராகச் சேர்க்காதீர்கள். பின்னாளில் உள்துறை அனுமதிக்குப் போகும்போது அது கேள்வியாகும்.

பத்திரத்தில் மூன்று வாசகங்கள் கட்டாயம் இருக்கட்டும்: அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்பது, கலைக்க நேர்ந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்கே போகும் என்பது, பள்ளிக்குக் கட்டடம் கட்டுவதும் அதற்காக நன்கொடை பெறுவதும் நோக்கங்களில் ஒன்று என்பது. எழுத்தர் ஒருவர் தன்னிடம் இருந்த பழைய மாதிரியை அப்படியே நகலெடுத்துக் கொடுத்ததில் இரண்டாவது வாசகம் விடுபட்டுப் போக, வருமான வரிப் பதிவில் திருப்பி அனுப்பினார்கள். திருத்தப் பத்திரத்துக்கு மறுபடி சார்பதிவாளர் அலுவலகம், மறுபடி சாட்சிகள், மறுபடி செலவு. கையெழுத்திடுமுன் ஆடிட்டரிடம் வரைவைக் காட்டினால் இது நேராது.

எங்களுக்கு ஆன காலம்: பத்திரப் பதிவு ஒரு நாள், பான் இரண்டு வாரம், வங்கிக் கணக்கு ஐந்து வாரம், அறக்கட்டளையின் வருமான வரி விலக்குக்கான 12ஏபி, கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி ஆகியவற்றின் தற்காலிகப் பதிவு ஒரு மாதம். வங்கிக்குத்தான் அதிக நாள். அறங்காவலர் ஐவரின் ஆதாரும் பானும் முகவரிச் சான்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும் என்பதால், தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் பின்னுமாக இருந்த இருவர் ஆதாரைத் திருத்தி வர வேண்டியிருந்தது. வருமான வரியைப் பொறுத்தவரை நான் பழைய எண்களைச் சொல்கிறேன். 2025 ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. பணம் வரும் வழி

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு உள்ளவர் அதிலிருந்து அறக்கட்டளைக் கணக்குக்கு நேரே மாற்றுவதே மிகச் சுத்தமான வழி. அனுப்பியவர் பெயர் வங்கித் தாளிலேயே வந்துவிடும், கட்டணமும் அற்பம். வெளிநாட்டு வங்கியிலிருந்து நேராக அனுப்புபவர், காரணக் குறியீடு கேட்கப்படும் இடத்தில் P1303 என்று குறிப்பிட வேண்டும். அறநிறுவனங்களுக்கான நன்கொடைக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எண் அது. குடும்பச் செலவுக்கான P1301 என்பதைப் பழக்க தோஷத்தில் போட்டுவிடுகிறார்கள். பிறகு விளக்கக் கடிதம் கொடுக்க நேரும்.

அங்கே காசைக் கட்டி இங்கே ரொக்கமாக எடுக்கும் பண அனுப்புச் சேவைகளில் அறக்கட்டளைக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அவை சொந்தத் தேவைக்கான பணத்துக்கு மட்டும். வங்கிக்கு வெளியே சட்டவிரோதமாகப் பணம் கைமாற்றும் உண்டியல் வழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதையும் ஒருவர் யோசனையாகச் சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

ரசீதை, வங்கியில் வந்து சேர்ந்த ரூபாய்க்கே எழுதுங்கள். ஆயிரம் ரியால் அனுப்பியவர் தன் கணக்குப்படி ஒரு தொகையை எதிர்பார்ப்பார். இடைவங்கிக் கட்டணமும் மாற்று விகிதமும் போக வந்தது வேறாக இருக்கும். ஒவ்வொரு ரசீதிலும் வங்கியின் பரிமாற்ற எண்ணைக் குறித்துவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

"என் பெயர் வெளியே வேண்டாம்" என்று சொல்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அறிக்கையிலும் கல்வெட்டிலும் பெயரை மறையுங்கள், பதிவேட்டில் மறைக்காதீர்கள். பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 விழுக்காடு வரி. "நலம்விரும்பி" என்று எழுதி வைத்த வரிகளை எங்கள் ஆடிட்டர் ஒவ்வொன்றாகச் சுழித்துக் காட்டினார்.

6. மதிப்பீடும் வேலை தொடங்கும் மாதமும்

எங்களுக்குக் கிடைத்த விலை சதுர அடிக்கு 2,100 ரூபாய். 1,500 சதுர அடிக்கு 31.5 லட்சம், கழிப்பறை, தொட்டி, மின்சாரத்துக்கு 4 லட்சம், பொறியாளர், அனுமதிகளுக்கு 1.5 லட்சம், ஆக 37 லட்சம். எதிர்பாராச் செலவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்து 40.7 லட்சம். சொன்ன 37.5 லட்சத்தில் எட்டு மாதத்தில் வந்தது 33 லட்சம். சொன்னவர்களில் சிலருக்கு வேலை போயிற்று, சிலர் வீட்டில் கல்யாணம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சொன்ன தொகையில் எட்டில் ஒரு பங்கு வராது என்று வைத்தே மதிப்பீடு போடுங்கள். ஊருக்குள் 5 லட்சம் திரட்டி 38 லட்சத்தில் முடித்தோம். வெளிப்பூச்சு வண்ணம் நின்றது.

வேலையை அஸ்திவாரம், லிண்டல் மட்டம், கான்கிரீட் கூரை, முடிப்பு என நான்காகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கான முழுப் பணமும் கணக்கில் இருந்தால்தான் அந்தக் கட்டத்தைத் தொடங்குவது என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். ஐப்பசியில் மழை பிடிப்பதற்குள் கூரை போட்டுவிட வேண்டும் என்பதால் தை மாதம் அஸ்திவாரம் தோண்டுவதே நம் பக்கத்துக்குச் சரி.

அறங்காவலர் ஒருவரின் மைத்துனரும் விலைப்புள்ளி கொடுத்தார். மூன்று விலைப்புள்ளிகளையும் ஒரே கூட்டத்தில் பிரித்தோம்; அந்த அறங்காவலர் வெளியே எழுந்து போனதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதினோம். மைத்துனருக்கு வேலை கிடைக்கவில்லை.

எதிர்பாராச் செலவில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போனது. பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 1,900 மில்லிகிராம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை அனுமதிப்பது 500 வரைதான். அந்தத் தண்ணீரில் கலந்திருந்தால் சில ஆண்டிலேயே கம்பி துருவேறி, கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். லாரித் தண்ணீரை மதிப்பீட்டிலேயே சேருங்கள்.

7. மாத அறிக்கை

மாதம் ஒரு முறை, 5 ஆம் தேதி, ஒரே பக்கம். வேலை நடக்காத மாதத்திலும் அனுப்புங்கள். எங்கள் ஜூன் மாத அறிக்கையின் கணக்குப் பகுதி இவ்வளவுதான்:

முன் இருப்பு: ₹6,42,300
வரவு, 7 பேர்: ₹3,10,000
கம்பி, 3,120 கிலோ: ₹2,18,400
சிமெண்ட், 240 மூட்டை: ₹96,000
கூலி: ₹1,75,000
தண்ணீர் லாரி, 12 நடை: ₹14,400
மொத்தச் செலவு: ₹5,03,800
இருப்பு: ₹4,48,500

கடைசி வரி, அந்த மாதக் கடைசி நாளின் வங்கித் தாளோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப் போக வேண்டும். அந்தத் தாளின் படமும் கூடவே போகட்டும். இருப்பு பொருந்தாதபோது "அடுத்த மாதம் சரிசெய்கிறோம்" என்று ஒரு முறை எழுதினேன். அதற்கு வந்த தொலைபேசி அழைப்புகள் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் வந்ததைவிட அதிகம். கொத்தனார் முன்பணம் ஒன்று ரொக்கமாகப் போய் ரசீது வாங்காமல் விட்டதுதான் காரணம். அதன் பிறகு கூலி உட்பட எல்லாமே வங்கி வழியாக மட்டுமே.

புகைப்படத்தை ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அதன் மேல் நின்றே எடுத்தோம். சுவர் உயர்வது தானாகத் தெரியும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். மொத்தமும் எண்ணிக்கையும் போதும், தனித் தொகை தனி ரசீதில். பொருளைப் பற்றிய கேள்விக்கு அடுத்த அறிக்கையில் எல்லோருக்கும் பதில் எழுதுங்கள். "கிணறு இருக்க லாரித் தண்ணீர் எதற்கு?" என்று ஜித்தாவிலிருந்து ஒருவர் கேட்டார், பரிசோதனைத் தாளை அறிக்கையோடு வைத்தேன், அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

8. முடிக்கும்போது

80ஜி பெற்ற அறக்கட்டளை, நிதியாண்டு முடிந்து மே 31க்குள் கொடையாளர் விவரத்தை 10பிடி படிவத்தில் ஏற்றி, அதிலிருந்து வரும் 10பிஇ சான்றை ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். வளைகுடாவில் இருப்பவருக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்; ஊரில் கடை வாடகை வருபவர்கள் கேட்பார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு இந்த வரிச் சலுகை இல்லை என்பதை உள்ளூரில் திரட்டும்போதே சொல்லிவிடுங்கள்.

கட்டடம் முடிந்தவுடன் வகுப்பைத் தொடங்கிவிட முடியாது. பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை வேண்டும். எங்களுக்கு இதற்கு நான்கு மாதம் ஆயிற்று. கூரை போட்ட மறுவாரமே விண்ணப்பித்திருந்தால் ஜூன் திறப்புக்கு ஆகியிருக்கும்.

இறுதிக் கணக்கில் 38,000 ரூபாய் மிஞ்சியது. கட்டடத்துக்கென்று எழுதிக் கொடுத்த பணம் என்பதால், அதை நோட்டுப் புத்தகத்துக்குக்கூட நாங்களாகச் செலவழிக்க முடியாது. வாசல் சாய்தளத்துக்குக் கைப்பிடிக் கம்பி போடலாமா என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்டு, பதினைந்து நாள் பொறுத்திருந்து போட்டோம். அந்தக் கம்பிக்கான பில், 27 ஆவது அறிக்கையில் இருக்கிறது.